தொலைந்துபோன அப்பாயின்ட்மென்ட் பதிவேடு: நோயாளிகளுக்குக் கடிதம் எழுதுவதும் பதிவுகளை மீட்பதும்

சிறிய கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட் பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் ஐந்து தகவல்கள் இருக்கும்: நோயாளியின் பெயர், ஊர், போன் நம்பர், மறுபடி வரச் சொன்ன தேதி, எதற்காக வர வேண்டும் என்ற சிறு குறிப்பு. சிகிச்சை விவரம் இதில் இல்லை. அது டாக்டரின் கேஸ் ஷீட்டிலும் நோயாளி கையிலுள்ள ஓ.பி. சீட்டிலும் இருக்கும். பதிவேடு தொலைந்தால் சிகிச்சை வரலாறு அழிந்துவிட்டதாக நோயாளிகள் பயப்படுவார்கள். உண்மையில் தொலைவது தேதிகளும் தொடர்பு எண்களும்தான். நோயாளிகளுக்கு எழுதும் கடிதம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பதிவுகளை மீட்கும் வேலையும் இதிலிருந்தே தொடங்குகிறது.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையில் பதிவேட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட ஒரு நாளில் தெருவோரக் கிளினிக்கின் ரிசப்ஷன் மேசையின் கீழ்த்தட்டு சில மணி நேரத்தில் நீருக்குள் போய்விடும். இந்த அத்தியாயம் அந்த நாளையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, தீவிலுள்ள ஒரு மாதிரிக் கிளினிக்கின் வரவேற்பாளர் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குகிறது. இதில் வரும் நோயாளிகளும் எண்ணிக்கைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை.

1. நனைந்த பதிவேட்டைக் கையாளுதல்

நனைந்த பதிவேடு முழுக்கத் தொலைந்ததாக ஆகாது. பால்பாயிண்ட் பேனா எழுத்து பெரும்பாலும் தண்ணீரைத் தாங்கும். ஜெல் பேனா, மை பேனா எழுத்துகள் கரைந்து பரவலாம். இந்தக் கடற்கரையின் வெப்பத்திலும் ஈரத்திலும் இரண்டு நாளுக்குள் தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால், முதல் 48 மணி நேரத்தில் செய்வதுதான் கணக்கு.

1. வேலையைத் தொடங்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் அறையில் கம்ப்யூட்டர், பிரின்டர், யூ.பி.எஸ். எதையும் ஆன் செய்யக் கூடாது.
2. கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். தெருவில் ஓடிவந்த மழைநீரில் சாக்கடையும் கலந்திருக்கும்.
3. பதிவேட்டை மூடிய நிலையிலேயே, அடியில் ஒரு தட்டோ பலகையோ கொடுத்துத் தூக்க வேண்டும். நனைந்த தாளின் எடையிலேயே தையல் கிழிந்துவிடும்.
4. கடல்நீர் புகுந்திருந்தால், எழுத்து பால்பாயிண்ட் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், மூடிய பதிவேட்டை நல்ல தண்ணீரில் ஒருமுறை மெதுவாக அமிழ்த்தி எடுக்கலாம். தாளில் உப்பு தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பதிவேடு காயாது.
5. தானாகப் பிரியும் பக்கங்களை மட்டும் திறந்து, ஒவ்வொன்றையும் ஈரமாக இருக்கும்போதே போனில் படம் எடுக்க வேண்டும். காய்ந்தபின் தாள் சுருங்கி எழுத்து மடிப்புக்குள் போய்விடலாம்.
6. சில பக்கங்களுக்கு ஒன்றாக, அச்சில்லாத வெள்ளைத்தாளையோ டிஷ்யூவையோ இடையில் வைத்து, ஃபேன் காற்றில் நிழலில் உலர்த்த வேண்டும். இடைத்தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும்.

உடனே உலர்த்த வழியில்லை என்றால் பதிவேட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்கலாம். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது. பிறகு நிதானமாக உலர்த்தலாம். மருந்து, தடுப்பூசி வைத்திருக்கும் ஃபிரிட்ஜை மட்டும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

எச்சரிக்கை: ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தாலோ கத்தியாலோ பிரிக்க வேண்டாம். வெயிலில் காயப்போட்டால் தாள் முறுகி எழுத்து வெளுக்கும். பழைய பில்கள் தெர்மல் தாளில் இருந்தால் இஸ்திரிப் பெட்டியையோ ஹேர் டிரையரையோ அருகில் கொண்டுவரக் கூடாது. சூடு பட்டால் அந்தத் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.

போனில் எடுத்த படங்களில் நூற்றுக்கணக்கானோரின் பெயரும் நோய்க் குறிப்பும் இருக்கும். அன்றே கிளினிக்கின் கம்ப்யூட்டருக்கோ பென் டிரைவுக்கோ மாற்றி, போனிலிருந்தும் அதன் தானியங்கி பேக்கப்பிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.

2. பதிவேடு காணாமலே போயிருந்தால்

தண்ணீரில் சிதைந்த பதிவேட்டின் தகவலை யாரும் படிக்கப் போவதில்லை. காணாமல் போன பதிவேடு வேறு கதை. அதை யாரோ ஒருவர் கையில் வைத்திருக்கலாம். மேசையில் இருந்த பதிவேடு காணவில்லை என்றால், கிளினிக்குக்குள் தேடிப் பார்த்த அன்றே டாக்டரிடம் சொல்லி, காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவைக்க வேண்டும். கடிதத்திலும் ஒரு பத்தி கூடுதலாகச் சேர வேண்டும்: கிளினிக்கின் பெயரைச் சொல்லி யாராவது போன் செய்து பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் கொடுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை. நோயாளியின் பெயரும் அவர் வர வேண்டிய தேதியும் தெரிந்த ஒருவர் பேசினால் நம்பிவிடுவது எளிது. பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதையும் அதே பத்தியில் எழுதலாம்.

2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் வடிவிலுள்ள தகவலையும், காகிதத்தில் வாங்கிப் பிறகு டிஜிட்டலாக்கிய தகவலையும் பற்றியது. காகிதமாகவே இருக்கும் பதிவேடு அதில் நேரடியாக வராது. மீட்பு வேலையின்போது அதே தகவலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் சட்டத்துக்குள் வந்துவிடும். புதிய பட்டியலை யார் திறக்கலாம், பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும் என்பதை ஏற்றும் முன்பே டாக்டருடன் பேசி முடிவு செய்ய வேண்டும்.

3. முதல் அறிவிப்பு

முழுக் கடிதம் எழுத நான்கைந்து நாள் ஆகும். எது மீண்டது, எது மீளவில்லை என்று தெரிந்தபின்தான் அதை எழுத முடியும். அதுவரை நோயாளிகள் காத்திருக்க முடியாது. எனவே முதல் நாளே நான்கு வரியில் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும்:

> மழைநீர் புகுந்ததால் கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட் பதிவேடு நனைந்துவிட்டது. உங்களுக்குச் சொன்ன தேதி மாறவில்லை, ஓ.பி. சீட்டுடன் அதே தேதியில் வரவும். தேதி நினைவில்லாதவர்கள் கிளினிக் எண்ணுக்கு போன் செய்யவும். மருந்து தீர்ந்தவர்கள், ஊசி போடும் நாள் வந்தவர்கள் காத்திருக்க வேண்டாம், உடனே வரவும்.

கிளினிக் திறக்க முடியாத நிலை என்றால், கடைசி வரியில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பெயரை எழுத வேண்டும். கதவில் ஒட்டுவது மட்டும் போதாது. தங்கச்சிமடம், பாம்பன், அக்காள்மடம் போன்ற ஊர்களில் பங்குக் கோயில், பள்ளிவாசல், மீனவர் சங்கக் கட்டடம், பஸ் நிறுத்தத்து டீக்கடை ஆகிய இடங்களில் ஒட்டினால் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இந்த அறிவிப்பில் ஒரு நோயாளியின் பெயர்கூட இருக்கக் கூடாது. "கீழ்க்கண்டவர்கள் தொடர்பு கொள்ளவும்" என்று பட்டியல் ஒட்டினால், யார் எந்த டாக்டரிடம் போகிறார் என்பதைக் கிளினிக்கே ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

4. யாரை முதலில் தேடுவது

பதிவேட்டின் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக மீட்கத் தொடங்குவது வீண் உழைப்பு. கடந்துபோன தேதிகளால் யாருக்கும் ஆபத்தில்லை. அடுத்த 14 நாளுக்குள் வர வேண்டியவர்கள்தான் முதலில். அவர்களிலும், தேதி தவறினால் சிகிச்சையே கெடும் நிலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் முன்.

1. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள்.
2. தையல் பிரிக்க வேண்டியவர்கள், காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டியவர்கள்.
3. குறிப்பிட்ட வாரத்தில் ஸ்கேன் பார்க்க வேண்டிய கர்ப்பிணிகள்.
4. இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை போன்று ஒருநாளும் விடக்கூடாத மருந்தில் இருப்பவர்கள்.

இந்தப் பட்டியலை வரவேற்பாளர் தனியாக முடிவு செய்யக் கூடாது. டாக்டருடன் அரை மணி நேரம் உட்கார்ந்தால், "போன வாரம் ஓர் அம்மாவுக்குக் கையில் தையல் போட்டேனே" என்பது போல அவர் நினைவுக்கு வருபவர்களைக் குறித்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பு தேடுவதற்கான துப்பு மட்டுமே. பதிவேட்டில் எழுத அது ஆதாரமாகாது.

சில தேதிகளைப் பதிவேடு இல்லாமலே கணக்கிடலாம். நாய்க்கடி ஊசியைத் தோலுக்குள் போடும் முறையில் அட்டவணை 0, 3, 7, 28 ஆம் நாட்கள். நவம்பர் 17 அன்று முதல் ஊசி போட்டவருக்கு அடுத்தவை நவம்பர் 20, நவம்பர் 24, டிசம்பர் 15. தசையில் போடும் முறையென்றால் 14 ஆம் நாளும் சேரும். அது டிசம்பர் 1. மழை கொட்டிய நவம்பர் 20 அன்றே இவருக்கு இரண்டாம் ஊசி விழுகிறது. வழி அடைபட்டு வர முடியாமல் போயிருந்தால் அவரை அன்று மாலையே தேட வேண்டும். தவறிய ஊசிக்குப் பின் அட்டவணையை எப்படித் தொடர்வது என்பதை டாக்டர் முடிவு செய்வார். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் ரெவியூ தேதியை இப்படிக் கணக்கிட முடியாது. ஒவ்வொருவருக்கும் டாக்டர் வெவ்வேறு இடைவெளி கொடுத்திருப்பார். அதற்கு ஆதாரம் தேடித்தான் ஆக வேண்டும்.

5. ஒரு வரியை மீட்டெடுக்கும் முறை

மீட்புக்கென்று ஒரு புதிய நீள நோட்டு போட வேண்டும். அதில் பழைய ஐந்து தகவலோடு மேலும் இரண்டு கட்டங்கள் தேவை: "ஆதாரம்", "யார், எப்போது சரிபார்த்தது". இந்த இரண்டும் இல்லாத மீட்பு நோட்டு நாளைக்கு யாராலும் நம்ப முடியாத நோட்டாகிவிடும்.

ஆதாரங்களை அவற்றின் நம்பகத்தன்மை வரிசையில் பார்க்க வேண்டும்:

1. நோயாளி கையிலுள்ள ஓ.பி. சீட்டு. டாக்டரே எழுதிய தேதி இருக்கும். இதற்கு மேலான ஆதாரம் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தாய் சேய் நல அட்டை இதே தகுதி உடையது. கர்ப்பிணியின் பிக்மி எண் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விவரம் கேட்டுச் சரிபார்க்கலாம்.
2. நனைந்த பதிவேட்டில் படிக்க முடிந்த வரிகள். பாதி அழிந்த எண்ணை ஊகித்து நிரப்பக் கூடாது. 1-ம் 7-ம், 3-ம் 8-ம் நனைந்த தாளில் ஒன்றுபோலத் தெரியும்.
3. பில் புக்கின் கார்பன் பிரதி, லேப் பதிவேடு. அந்த நாளில் வந்தவர் யார் என்பதை இவை உறுதிசெய்யும். அடுத்து எப்போது வர வேண்டும் என்பதைச் சொல்லாது.
4. மருந்துக் கடை பில். எத்தனை நாளுக்கு மாத்திரை வாங்கினார் என்பதிலிருந்து எப்போது தீரும் என்று தெரியும். 2005 இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் மருத்துவமனைகளின் காகிதங்களை அழித்தபோது, இடம்பெயர்ந்தவர்கள் என்ன மருந்து சாப்பிட்டார்கள் என்பதை மருந்துக் கடைகளின் பதிவுகளைத் திரட்டித்தான் டாக்டர்களுக்குக் கிடைக்கச் செய்தார்கள். கிளினிக்கை ஒட்டிய மருந்துக் கடையில் கேட்கலாம். ஆனால் நோயாளியின் சம்மதத்தோடு, அவருடைய பில்லை மட்டும்.
5. கிளினிக் போனின் அழைப்புப் பட்டியல், யு.பி.ஐ. வரவு. இவை துப்புகள். கடலோரக் குடும்பங்களில் ஒரே போனை நான்கைந்து பேர் பயன்படுத்துவார்கள். பணம் அனுப்பியவர் கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போன மகனாக இருக்கலாம். நோயாளி அவருடைய தாயார்.

ஒரு வரியை எழுத முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். இல்லையென்றால் மற்றவற்றில் இரண்டு ஒத்துப்போக வேண்டும். அதற்கும் குறைவானால் அந்த வரியைப் பென்சிலில் எழுதி "உறுதியில்லை" என்று குறிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: இரண்டு முனியசாமிகள்

இந்த வட்டாரத்தில் முனியசாமி, நம்புராஜன், சேது, பாத்திமா, அந்தோணி என்ற பெயர்கள் ஒரே தெருவில் பலருக்கு இருக்கும். மீட்பு வேலையில் பெரிய ஆபத்து இங்கேதான். மாதிரிக் கிளினிக்கின் நனைந்த பதிவேட்டில் "முனியசாமி, பாம்பன், 26-11" என்று ஒரு வரி தெரிகிறது. போன் நம்பரும் குறிப்பும் கரைந்துவிட்டன.

பில் புக்கில் நவம்பர் 12 அன்று "முனியசாமி, 52" என்று ஒரு கார்பன் பிரதி இருக்கிறது. லேப் பதிவேட்டில் அதே நாளில் சர்க்கரைப் பரிசோதனை. அதே பில் புக்கில் நவம்பர் 16 அன்று "முனியசாமி, 38" என்று இன்னொரு பிரதி. காலில் வெட்டுக்காயத்துக்குத் தையல் போட்ட கட்டணம். நவம்பர் 26 இருவருக்குமே பொருந்துகிறது. முதல்வருக்கு இரண்டு வாரம் கழித்து ரெவியூ; இரண்டாமவருக்குப் பத்தாம் நாள் தையல் பிரிப்பு.

இந்த நிலையில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து எழுதுவது பெரிய தவறு. இருவரையும் தொடர்புகொள்ள வேண்டும். போனில் கேட்க வேண்டிய வரிசை இது: முழுப் பெயர், தகப்பனார் பெயர், வயது, தெரு. இவை பில்லோடு ஒத்துப்போன பிறகு, "உங்கள் சீட்டில் அடுத்த தேதி என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்க வேண்டும். சீட்டைப் படித்துச் சொல்லட்டும், தேதியை வரவேற்பாளர் சொல்லி "சரிதானே?" என்று கேட்டால், தெரியாதவர்களும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். நோயின் பெயரை வரவேற்பாளர் போனில் சொல்லவே கூடாது, ஏனென்றால் எடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

52 வயதுக்காரர் சீட்டைப் பார்த்து 26-11 என்கிறார். 38 வயதுக்காரரின் போன் எடுக்கப்படவில்லை, படகில் போயிருக்கலாம். நனைந்த வரி முதல்வருடையது என்பது இப்போது உறுதி. அதனால் இரண்டாமவருக்குத் தேதியே இல்லை என்று ஆகிவிடாது. அவருடைய வரி வேறு பக்கத்தில் அழிந்திருக்கலாம். மீட்பு நோட்டில் இரண்டு தனி வரிகள் எழுதப்படும்:

- முனியசாமி, 52, பாம்பன். 26-11. ஆதாரம்: நனைந்த பதிவேடு, ஓ.பி. சீட்டு (போனில் படித்தது). சரிபார்த்த தேதி 22-11.
- முனியசாமி, 38, பாம்பன். தேதி தெரியவில்லை. ஆதாரம்: 16-11 பில் மட்டும். தையல் நோயாளி, டாக்டரிடம் சொல்லப்பட்டது. வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

குறிப்பு: விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாட்களில் ஆண்கள் பகலில் போன் எடுக்க மாட்டார்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களும் காலையில் வீட்டில் இருப்பதில்லை. மாலை ஆறு முதல் எட்டு மணி வரை போன் செய்தால் பலரும் கிடைப்பார்கள். மூன்று முறை எடுக்கவில்லை என்றால் வீட்டுக்கு ஆள் அனுப்புவதே வழி. அப்படிப் போகிறவர், "கிளினிக்குக்கு ஒருமுறை போன் பண்ணச் சொல்லுங்கள்" என்பதற்கு மேல் வீட்டிலுள்ளவர்களிடம் எதுவும் சொல்லக் கூடாது.

6. கடிதத்தை எழுதுதல்

உறுதியான வரிகளும் உறுதியாகாத வரிகளும் பிரிந்தபின் முழுக் கடிதம் எழுத வேண்டும். அதில் ஆறு பகுதிகள், இந்த வரிசையில்:

1. என்ன நடந்தது, எப்போது.
2. எது போனது, எது போகவில்லை.
3. தகவல் வெளியாள் கைக்குப் போனதா இல்லையா.
4. எப்படி மீட்கப்பட்டது, இதுவரை எவ்வளவு.
5. நோயாளி என்ன செய்ய வேண்டும், எதற்குள்.
6. யாரிடம் பேச வேண்டும், எந்த நேரத்தில்.

எண்ணிக்கை சொல்லும் இடத்தில் கவனம் தேவை. "90 சதவீதம் மீட்கப்பட்டது" என்று எழுத முடியாது. மொத்தம் எத்தனை வரி இருந்தது என்பதே தொலைந்த பதிவேட்டில்தான் இருக்கிறது. எத்தனை பேருடைய தேதி மீண்டும் எழுதப்பட்டது, அதில் எத்தனை உறுதியானது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். "சிறு அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" போன்ற வாடிக்கை வரியும் வேண்டாம். ஊசி நாள் தவறியவருக்கு அது சிறு அசௌகரியம் அல்ல.

மாதிரிக் கடிதம்:

> 25-11-2024
>
> மதிப்பிற்குரிய நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும்,
>
> வணக்கம். நவம்பர் 20 ஆம் தேதி பெய்த மழையில் நம் கிளினிக்குக்குள் தண்ணீர் புகுந்தது. ரிசப்ஷனில் இருந்த அப்பாயின்ட்மென்ட் பதிவேடு நனைந்து, அதன் பெரும்பகுதி படிக்க முடியாமல் போய்விட்டது.
>
> அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர், ஊர், போன் நம்பர், அடுத்து வர வேண்டிய தேதி, ஒரு சிறு குறிப்பு ஆகியவை இருந்தன. டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டுகளும் லேப் பதிவேடும் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. உங்கள் சிகிச்சை விவரம் பத்திரமாக இருக்கிறது. பதிவேடு கிளினிக்கை விட்டு வெளியே போகவில்லை. வெளியாள் யாரும் அதைப் பார்க்கவில்லை.
>
> உங்கள் ஓ.பி. சீட்டு, பில் புக், லேப் பதிவேடு, நனைந்த பக்கங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் புதிய பதிவேடு எழுதி வருகிறோம். இதுவரை 153 பேரின் தேதி எழுதப்பட்டுள்ளது. இதில் 112 பேருடையது உறுதியானது. 41 பேருடையதை அவர்களிடம் கேட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும். இன்னும் பெயர் கிடைக்காதவர்களும் இருக்கலாம்.
>
> நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் ஓ.பி. சீட்டில் எழுதிய தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியில் வாருங்கள். நாங்கள் போனில் பேசி உங்கள் தேதியை ஏற்கனவே உறுதிசெய்திருந்தால் வேறொன்றும் செய்ய வேண்டாம். இல்லையென்றால் நவம்பர் 30-க்குள் எங்களுக்கு போன் செய்யுங்கள், அல்லது சீட்டை நேரில் கொண்டுவந்து காட்டுங்கள். சீட்டும் தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டாக்டர் பார்த்துப் புதிய தேதி கொடுப்பார். இதற்குக் கட்டணம் இல்லை.
>
> ஊசி, தையல், ஸ்கேன் நாள் இந்த மழையில் தவறியிருந்தால் போன் செய்து காத்திருக்க வேண்டாம். உடனே வாருங்கள்.
>
> தினமும் காலை 9 முதல் 1 மணி வரை, மாலை 5 முதல் 8 மணி வரை கிளினிக் எண்ணில் என்னிடம் பேசலாம். தேதி உறுதிசெய்வதற்காக நாங்கள் பணமோ ஓ.டி.பி.யோ ஆதார் எண்ணோ கேட்க மாட்டோம்.
>
> உங்கள் தேதிகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. அது தவறியதற்கு வருந்துகிறேன்.
>
> இப்படிக்கு,
> வரவேற்பாளர்
> (டாக்டர் படித்து ஒப்புதல் அளித்தது)

"வெளியாள் யாரும் பார்க்கவில்லை" என்ற வரியை அது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். பதிவேடு வெள்ளத்தில் அடித்துப் போயிருந்தால் அந்த வரிக்குப் பதிலாக, "பதிவேடு கிடைக்கவில்லை, யார் கைக்காவது போயிருக்க வாய்ப்புண்டு" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். டாக்டர் படித்துப் பார்க்காமல் கடிதம் வெளியே போகக் கூடாது. அதில் சிகிச்சை தொடர்பான வரி ஒன்று தவறினாலும் பொறுப்பு அவர்மேல் விழும்.

7. கடிதத்தை அனுப்புதல்

1. எல்லோருக்கும் ஒரே கடிதம். தனிநபர் தேதியோ நோயோ அதில் சேரக் கூடாது.
2. வாட்ஸ்அப்பில் குரூப் தொடங்கக் கூடாது. குரூப்பில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் பட்டியல் மூலம் அனுப்பினால் தனித்தனியாகப் போகும். ஆனால் கிளினிக் எண்ணைத் தம் போனில் சேமித்துவைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது சேரும். மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும்.
3. படிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் கடிதத்தை அப்படியே வாசித்துக் குரல் பதிவாகவும் அனுப்பலாம். வாசிக்கும்போது புதிதாக எதுவும் சேர்க்கக் கூடாது.
4. அச்சிட்ட பிரதிகளை ரிசப்ஷனிலும் பக்கத்து மருந்துக் கடையிலும் வைக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.
5. யாருக்கு எப்போது அனுப்பப்பட்டது, பதில் வந்ததா என்பதை மீட்பு நோட்டில் அந்த வரியிலேயே குறிக்க வேண்டும்.

8. அடிக்கடி நேரும் தவறுகள்

நினைவிலிருந்து நிரப்புவது. பல ஆண்டு அனுபவமுள்ள வரவேற்பாளருக்கு முகங்கள் நன்றாக நினைவிருக்கும், தேதிகள் கலந்துவிடும். பதிவேடு முழுமையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் எழுதிய ஒரு வரி, வெற்றுக் கட்டத்தைவிட ஆபத்தானது. வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் தேடத் தோன்றும். தவறான தேதியைப் பார்த்தால் யாரும் தேட மாட்டார்கள்.

மீட்டதைப் பழையதுபோலக் காட்டுவது. பழைய பதிவேட்டின் பெயரையே போட்டு, பழைய தேதிகளில் புதிதாக எழுதி வைப்பது பிற்பாடு பொய்ப் பதிவாகக் கருதப்படும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1973 ஜூலை 12 அன்று ஏற்பட்ட தீயில் 1.6 கோடிக்கு மேற்பட்ட ராணுவப் பணியாளர் கோப்புகள் அழிந்தன. அங்கே மற்ற அலுவலக ஆவணங்களிலிருந்து மீட்டுருவாக்கிய கோப்புகள் தனி அடையாளத்தோடு தனியாகவே வைக்கப்படுகின்றன. கிளினிக்கின் மீட்பு நோட்டிலும் முதல் பக்கத்தில் "மீட்டெழுதப்பட்டது" என்று எழுதி, தொடங்கிய தேதியும் டாக்டரின் கையொப்பமும் இட வேண்டும்.

எல்லாப் பதிவேட்டையும் ஒன்றாகக் கருதுவது. ஸ்கேன் வசதியுள்ள கிளினிக்கில், கருவின் பாலினத்தேர்வைத் தடுக்கும் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வைக்கும் பதிவுகள் தனி. அவற்றை இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அவை நனைந்திருந்தால் வரவேற்பாளர் கைவைக்காமல் டாக்டர் மூலம் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ்ப் பதிவேடும் இப்படியே டாக்டரின் பொறுப்பு. இந்த அத்தியாயத்தின் முறை அப்பாயின்ட்மென்ட் பதிவேட்டுக்கு மட்டும் பொருந்தும்.

மீட்பு நடக்கும்போதே புதிய தேதிகளை அதே நோட்டில் எழுதுவது. மழைக்குப் பின் வந்தவர்களின் தேதிகளுக்கு வேறு பதிவேடு வேண்டும். இரண்டும் கலந்தால் எது ஆதாரம் பார்த்து எழுதியது, எது நேரடியாக எழுதியது என்று பிரிக்க முடியாது.

9. மீட்பை முடித்தல்

கடிதத்தில் கொடுத்த கெடு முடிந்ததும், உறுதியான வரிகளைப் புதிய பதிவேட்டுக்கு மாற்ற வேண்டும். பென்சில் வரிகளை அழிக்காமல் மீட்பு நோட்டிலேயே விட வேண்டும். அவர்களில் யாராவது வந்தால் அப்போது சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாத இடைவெளியில் வரும் நோயாளிகள் பலர் இப்படித்தான் தாமதமாகச் சேருவார்கள். எனவே மீட்பு நோட்டைக் குறைந்தது ஓராண்டு ரிசப்ஷனில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

புதிய பதிவேட்டைப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, தினமும் கிளினிக் மூடும் முன் அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து, பூட்டு போட்ட கம்ப்யூட்டர் கோப்பில் சேர்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் பதிவேடு இரவில் இருக்க வேண்டிய இடம், நெஞ்சு உயரத்துக்கு மேலுள்ள தட்டில், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி.

உலர்ந்த பழைய பதிவேடு, மீட்பு நோட்டு, முதல் அறிவிப்பு, முழுக் கடிதத்தின் கையெழுத்திட்ட பிரதி, சி.எஸ்.ஆர். ரசீது இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, மேலே நிகழ்ந்த தேதியை எழுதி டாக்டரிடம் ஒப்படைக்க வேண்டும். 2002 ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் சொல்கின்றன. அப்பாயின்ட்மென்ட் பதிவேடு அந்த வகையில் நேரடியாக வராவிட்டாலும், அதே மூன்று ஆண்டு அளவை இந்த உறைக்கும் வைத்துக்கொள்ளலாம். அதன்பின் அப்புறப்படுத்தும்போது பழைய பேப்பர் கடைக்குப் போடாமல், கிழித்தோ எரித்தோ அழிக்க வேண்டும்.